இரவு ஓட்டத்திற்கான மஞ்சள் கண்ணாடி: எதிர்விளக்கின் கூச்சம் உண்மையிலேயே குறைகிறதா?

இளம்பரிதி | 9 நவம்பர் 2024, இரவு 9.40

என் தந்தைக்கு வயது 61. காய்கறி ஏற்றும் சிறிய வேன் ஓட்டுகிறார். விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் பாதி ஓட்டம் இருட்டில்தான். நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலை. எதிரே வரும் வண்டிகளில் இப்போது பெரும்பாலும் வெள்ளை எல்இடி விளக்குகள். டிம் செய்பவர்கள் குறைவு. வண்டி கடந்து போன பிறகும் சில நொடிகள் சாலையின் ஓரம் தெரிவதில்லை என்கிறார்.

கடையில் மஞ்சள் நிறக் கண்ணாடி ஒன்றைக் காட்டினார்கள். "நைட் விஷன்" என்று உறையில் எழுதியிருக்கிறது. கடைக்காரர் ஓர் அட்டையைக் கொடுத்து, வெறுங்கண்ணால் பார்க்கச் சொன்னார்; ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டதும் அதே அட்டையில் ஒரு கார் படம் தெளிவாகத் தெரிந்தது. தந்தைக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. இந்தக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறதா? பயன்படுத்தியவர்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலைத் துரை | 9 நவம்பர் 2024, இரவு 11.15

நான் சரக்கு லாரி ஓட்டுகிறேன். பல ஆண்டுகளாக மஞ்சள் கண்ணாடி போடுகிறேன். எதிரே ஹைபீம் வரும்போது கண் சுருங்குவது குறைகிறது, விடியற்காலையில் கண் எரிச்சலும் குறைகிறது. இது என் கண் அறிந்த செய்தி. ஆய்வு செய்தவர்கள் இரவு முழுவதும் லாரி ஓட்டிப் பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தம்பி, அப்பாவுக்கு வாங்கிக் கொடுங்கள்.

பாரிவேள் | 10 நவம்பர் 2024, காலை 6.20

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதன் அடிப்படையைச் சொல்லலாம் என நினைக்கிறேன். வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணம், குறைந்த அலைநீளமுள்ள ஒளி காற்றின் மூலக்கூறுகளால் மிகுதியாகச் சிதறடிக்கப்படுவதே. கண்ணுக்குள்ளும் அதே சிதறல் நிகழ்கிறது. வெள்ளை எல்இடி விளக்கில் நீலக் கூறு அதிகம். மஞ்சள் கண்ணாடி நீலத்தை வடிகட்டுகிறது. ஆகவே கண்ணுக்குள் சிதறும் ஒளி குறைந்து பார்வை தெளிவடைய வேண்டும். பிரான்ஸ் நாட்டில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை வாகனங்களின் முகப்பு விளக்குகள் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. காரணமில்லாமல் ஒரு நாடு இத்தனை ஆண்டுகள் அதைப் பின்பற்றியிருக்காது.

வெண்பா | 10 நவம்பர் 2024, பிற்பகல் 2.05

கண் மருத்துவமனையில் பார்வைப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்வி எங்களிடம் வாரந்தோறும் வருகிறது. மூன்று பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இளம்பரிதி கேட்ட சான்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஹார்வர்டுடன் இணைந்த ஷெபன்ஸ் கண் ஆய்வு நிறுவனத்தில் அலெக்ஸ் ஹுவாங், எலி பெலி ஆகியோரின் குழு இதே கேள்விக்காக ஒரு சோதனை நடத்தி 2019இல் வெளியிட்டது. கலந்துகொண்டவர்கள் 22 பேர். சாலை ஓட்டத்தைப் போலவே அமைக்கப்பட்ட சிமுலேட்டரில் அவர்களை இரவு ஓட்டம் ஓட்ட வைத்தார்கள். எதிர்வண்டியின் முகப்பு விளக்கு கண்ணில் அடிப்பது போன்ற ஒளியைச் சில ஓட்டங்களில் சேர்த்தார்கள், சிலவற்றில் சேர்க்கவில்லை. கடைகளில் கிடைக்கும் மூன்று வகை மஞ்சள் கண்ணாடிகளும் நிறமற்ற கண்ணாடி ஒன்றும் மாற்றி மாற்றி அணியப்பட்டன. சாலையில் ஒரு பாதசாரி தோன்றுவார். அவரைக் கண்டுகொள்ள எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அளவீடு.

கண்கூசும் ஒளி சேர்ந்தபோது எல்லோருக்கும் நேரம் கூடியது. பாதசாரி கருநீலச் சட்டை அணிந்திருந்தபோது மிகவும் கூடியது. ஆரஞ்சுச் சட்டை என்றால் அவ்வளவு இல்லை. வயது முதிர்ந்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம். இந்த இழப்பில் எதையும் மஞ்சள் கண்ணாடி மீட்டுத் தரவில்லை. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லாவிட்டாலும், மஞ்சள் கண்ணாடியோடு நேரம் சற்றே கூடும் போக்குதான் தென்பட்டது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி தாமதம் என்பது ஏறக்குறைய 17 மீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

இது புதிய ஐயமும் அன்று. ஆஸ்கர் ரிச்சர்ட்ஸ் என்பவர் 1953இலேயே, இரவுச் சாலையில் உள்ள ஒளியளவில் மஞ்சள் கண்ணாடி பார்வையை மேம்படுத்தவில்லை என்று அமெரிக்காவில் எழுதிவிட்டார்.

துரை அண்ணா, உங்கள் அனுபவம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கூச்சத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று கண்ணுக்கு ஏற்படும் தொந்தரவு: கண் சுருங்குவது, எரிவது, முகத்தைத் திருப்பத் தோன்றுவது. மற்றொன்று பார்வை இழப்பு: அந்த ஒளியின் பின்னணியில் நிற்கும் ஆளோ மாடோ தெரியாமல் போவது. நீலம் மிகுந்த ஒளி அதே அளவுள்ள மஞ்சள் ஒளியைவிட அதிகத் தொந்தரவு தருகிறது என்பதற்கு நல்ல ஆய்வுகள் உள்ளன. ஆகவே நீலத்தை வடிகட்டினால் தொந்தரவு குறையலாம். நீங்கள் உணர்வது அதைத்தான். ஆனால் தொந்தரவு குறைந்ததால் பார்வை கூடியது என்று நாம் முடிவு செய்யும் இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

தேன்மொழி | 10 நவம்பர் 2024, மாலை 5.30

நான் நாள் முழுவதும் கணினி முன் வேலை செய்வதால் "ப்ளூ கட்" லென்ஸ் போட்டிருக்கிறேன். கடையில் நீல லேசர் பேனாவை அடித்துக் காட்டி, நீலம் அடைபடுகிறது என்று நிரூபித்தார்கள். மாலையில் ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போதும் அதையே அணிகிறேன். தெருவிளக்குகளைச் சுற்றி நீண்ட கோடுகள் தெரிகின்றன. லென்ஸில் நீலத்தை இன்னும் அதிகமாக அடைத்தால் கோடுகள் மறையுமா? அப்பாவின் கண்ணாடியும் இதே வகையா?

முகப்பொளி | 10 நவம்பர் 2024, இரவு 10.10

வாகன விளக்குகள் செய்யும் தொழிலில் இருக்கிறேன். வெண்பா சொன்னதை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டினால் பாரிவேள் ஐயாவுக்கும் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

எதிர்விளக்கின் ஒளி கண்ணின் லென்ஸிலும் கருவிழியிலும் சிறிது சிதறி, விழித்திரை முழுவதும் ஒரு மெல்லிய வெளிச்சத் திரையாகப் படிகிறது. பனி படர்ந்த ஜன்னல் வழியே பார்ப்பது போல எல்லாவற்றின் மேலும் அந்தத் திரை சேர்ந்துவிடுகிறது. அதன் அளவைக் கணக்கிட, கண்ணில் விழும் ஒளியை லக்ஸில் எடுத்து, பத்தால் பெருக்கி, நாம் பார்க்கும் திசைக்கும் விளக்குக்கும் இடையிலான கோணத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்.

ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். கண்ணில் விழுவது 1 லக்ஸ், கோணம் 2 டிகிரி. பத்தை நான்கால் வகுத்தால் திரையின் அளவு 2.5. நம் விளக்கில் சாலையின் பரப்பு 1 என்ற அளவில் ஒளிர்கிறது, இருண்ட உடை அணிந்தவர் அதில் பாதியாக 0.5 அளவில் தெரிகிறார் என்று கொள்வோம். எதிர்விளக்கு இல்லாதபோது ஆளுக்கும் சாலைக்கும் உள்ள வேறுபாடு 50 விழுக்காடு. எதிர்விளக்கு வந்ததும் இரண்டின் மேலும் 2.5 கூடுகிறது, சாலை 3.5, ஆள் 3. வேறுபாடு 14 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. ஆள் கண்ணுக்கு மறைவது இதனால்தான்.

இப்போது 80 விழுக்காடு ஒளியை விடும் மஞ்சள் கண்ணாடியை அணியுங்கள். சாலை 2.8, ஆள் 2.4. வேறுபாடு அதே 14 விழுக்காடு. திரையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் வல்லமை கண்ணாடிக்கு இல்லை. இரண்டையும் ஒரே விகிதத்தில் மங்கச் செய்கிறது. விகிதம் மாறாமல் மொத்த ஒளி மட்டும் குறைந்தால், இருட்டில் நமக்கு இழப்புதான். ஏனெனில் மிகக் குறைந்த ஒளியில் அதே 14 விழுக்காட்டைக் கண்டறிவது கண்ணுக்கு இன்னும் கடினம்.

வயதுக்கும் இதில் இடமுண்டு. 70 வயதில் இந்தச் சிதறல் இளம் கண்ணில் உள்ளதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கொள்வது வழக்கம். திரை 5 ஆனால் சாலை 6, ஆள் 5.5. வேறுபாடு 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இது கண்புரை இல்லாத கண்ணின் கணக்கு.

பாரிவேள் | 11 நவம்பர் 2024, காலை 7.00

முகப்பொளியின் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அதில் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது. கண்ணாடி இரண்டையும் "ஒரே விகிதத்தில்" குறைக்கும் என்கிறீர்கள். எதிரே வருவது நீலம் மிகுந்த எல்இடி. வேனின் சொந்த விளக்கோ மஞ்சள் சாயல் கொண்ட ஹாலஜன். ஆகவே மஞ்சள் கண்ணாடி எதிரியின் ஒளியைச் சற்று அதிகமாகவும், நம் விளக்கில் தெரியும் காட்சியைச் சற்றுக் குறைவாகவும் வெட்ட வேண்டும் அல்லவா? அதோடு, நீலம் அதிகம் சிதறுகிறது என்ற என் வாதத்திற்கு இன்னும் பதில் வரவில்லை.

முகப்பொளி | 11 நவம்பர் 2024, இரவு 9.25

நீங்கள் சொல்லும் வேறுபாடு உண்மையே, ஐயா. அது எவ்வளவு என்பதுதான் கேள்வி. கண்ணின் வெளிச்ச உணர்வு பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையே உச்சத்தில் இருக்கிறது. நீலத்திற்கு மிகக் குறைவு. வெள்ளை எல்இடியில் நீலம் எடுப்பாகத் தெரிந்தாலும், அந்த விளக்கின் மொத்த வெளிச்சத்தில் நீலத்தின் பங்கு சிறியது. நீலத்தை முழுவதும் வெட்டினாலும் நிறம்தான் பெரிதாக மாறும், வெளிச்சம் அவ்வளவாக மாறாது.

உங்கள் வாதத்திற்குச் சாதகமாகவே எண்களை வைத்துப் பார்ப்போம். கண்ணாடி எல்இடி ஒளியில் 82 விழுக்காட்டையும் ஹாலஜன் ஒளியில் 88 விழுக்காட்டையும் விடுகிறது என்று கொள்வோம். திரை 2.5க்குப் பதிலாக 2.05, சாலை 0.88, ஆள் 0.44. வேறுபாடு 15 விழுக்காடு. 14.3 இருந்த இடத்தில் 15. இந்த ஆதாயத்திற்காக நம் சொந்த விளக்கொளியில் 12 விழுக்காட்டைக் கொடுத்திருக்கிறோம். வேனிலும் எல்இடி பொருத்திவிட்டால் அந்த 0.7ம் போய்விடும்.

வெண்பா | 11 நவம்பர் 2024, இரவு 10.50

சிதறல் பற்றி நான் சேர்க்கிறேன். வானத்தில் சிதறடிப்பவை ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய மூலக்கூறுகள். அங்கே நீலத்திற்குப் பெரும் முன்னுரிமை உண்டு. வயதான லென்ஸிலும் புரை விழுந்த லென்ஸிலும் ஒளியைச் சிதறடிப்பவை பெரும்பாலும் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அல்லது அதைவிடப் பெரிய துகள்கள். அவை எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கும். விட்டேக்கர், ஸ்டீன், எலியட் ஆகிய மூவரும் 1993இல் இளம் கண்கள், முதிய கண்கள், புரை விழுந்த கண்கள் மூன்றையும் அளந்து பார்த்து, சிதறல் அலைநீளத்தைப் பொறுத்து மிகக் குறைவாகவே மாறுகிறது என்று எழுதினார்கள். வானத்தின் விதியைக் கண்ணுக்குள் அப்படியே கொண்டுவர முடியாது, ஐயா.

பிரான்ஸைப் பற்றி ஒன்று மட்டும். அங்கே மஞ்சளாக இருந்தது விளக்கு. அனைவரின் விளக்கும் மஞ்சளானால் எதிரே வருபவரின் கண்ணுக்குத் தொந்தரவு குறையலாம். கண்ணாடியோ ஓட்டுநரின் கண்முன் நின்று, தெருவிளக்கு இல்லாத ஓரத்தில் நிற்கும் மனிதரிடமிருந்து வரும் ஒளியையும் சேர்த்து வெட்டுகிறது. ஐரோப்பிய நாடுகளின் விதிகளை ஒன்றாக்கியபோது பிரான்ஸும் வெள்ளைக்கு மாறியது.

இன்னொரு செய்தியும் உண்டு. மங்கிய ஒளியில், குறிப்பாகப் பார்வையின் ஓரத்தில், விழித்திரையின் கோல் செல்கள்தான் நமக்குக் கைகொடுக்கின்றன. அவற்றின் உச்ச உணர்வு 507 நானோமீட்டர் அருகே, நீலப்பச்சைப் பகுதியில் இருக்கிறது. அடர் மஞ்சள் லென்ஸ் வெட்டத் தொடங்குவது இதற்கு வெகு அருகில். சாலையோரத்திலிருந்து யாராவது இறங்கி வருவதை முதலில் உணர்வது அந்த ஓரப் பார்வை.

தேன்மொழி, நீங்கள் கேட்டது வேறு பொருள் என்றாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் லென்ஸ் ஏறக்குறைய நிறமற்றது. இளம்பரிதி கேட்பது அடர் மஞ்சள். லேசர் பேனாச் சோதனை அந்த ஒரே அலைநீளம் அடைபடுவதைத்தான் காட்டுகிறது. சாலையில் என்ன தெரியும் என்பதைக் காட்டுவதில்லை. விளக்கைச் சுற்றிக் கோடுகள் தெரிந்தால், நீலத்தை அடைத்து அவற்றை நீக்க முடியாது. அடுத்த முறை வண்டியை ஓரமாக நிறுத்தி, ஒரு தெருவிளக்கைப் பார்த்தபடி தலையை ஒரு பக்கம் சாயுங்கள். கோடுகளும் தலையோடு சாய்ந்தால் காரணம் உங்கள் கண்ணில் அல்லது கண்ணாடியில் இருக்கிறது. சிலிண்டர் பவர் மாறியிருக்கலாம், லென்ஸில் கீறல் இருக்கலாம்.

தேன்மொழி | 12 நவம்பர் 2024, இரவு 8.15

செய்து பார்த்தேன். கோடுகள் தலையோடு சாய்கின்றன. கண்ணாடியைக் கழற்றினால் வடிவம் மாறுகிறது, ஆனால் கோடுகள் போகவில்லை. பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். எனக்குச் சிலிண்டர் பவர் இருப்பதாக முன்பு சொன்னார்கள். குறைவு என்பதால் லென்ஸில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

இளம்பரிதி | 12 நவம்பர் 2024, இரவு 9.30

அனைவருக்கும் நன்றி. எனக்கு இரண்டு சந்தேகங்கள் மீதமிருக்கின்றன. அந்த அட்டையில் மறைந்திருந்த படம் கண்ணாடி வழியே தெரிந்தது எப்படி? அது வெறும் தந்திரமா? இரண்டாவது, மஞ்சள் கண்ணாடி வேண்டாம் என்றால் தந்தைக்கு என்னதான் செய்வது? நாளையும் அவர் அதே சாலையில்தான் போக வேண்டும்.

முகப்பொளி | 13 நவம்பர் 2024, காலை 6.45

அட்டை உண்மையான சோதனைதான். ஆனால் அது சோதிப்பது வேறொன்றை. அந்தப் படம் முனைவாக்கப்பட்ட ஒளியால், அதாவது ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளியால் ஆனது. கண்ணாடி போலரைஸ்டு, அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வகை என்றால்தான் தெரியும். நிறம் மஞ்சளா பழுப்பா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வீட்டிலேயே பார்க்கலாம்: கைப்பேசித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, கண்ணாடியை அதன் முன் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை கறுத்துப் போனால் அது போலரைஸ்டு.

போலரைஸ்டு லென்ஸ் பகலில் தண்ணீர்ப் பரப்பிலும் ஈரச் சாலையிலும் பட்டுத் தெறிக்கும் வெயிலை நன்றாக வெட்டும். மீனவர்களுக்கு மிகவும் பயன்படும். ஆனால் முகப்பு விளக்கிலிருந்து நேராகக் கண்ணுக்கு வரும் ஒளி முனைவாக்கப்பட்டதன்று. அதில் பாதியை லென்ஸ் தடுக்கும், அதேபோல இருட்டில் நிற்கும் ஆளிடமிருந்து வரும் ஒளியிலும் பாதியைத் தடுக்கும். நல்ல போலரைஸ்டு லென்ஸ் எதுவும் 50 விழுக்காட்டுக்கு மேல் ஒளி விட முடியாது. மூக்குக்கண்ணாடிகளுக்கான பன்னாட்டுத் தரவிதிகளோ, 75 விழுக்காட்டுக்குக் குறைவாக ஒளி விடும் லென்ஸ் இரவு ஓட்டத்திற்கு ஏற்றதன்று என்கின்றன. "போலரைஸ்டு" என்றும் "இரவு ஓட்டத்திற்கு" என்றும் ஒரே உறையில் எழுதியிருந்தால், அந்த இரண்டு சொற்களுமே ஒன்றோடொன்று மோதுகின்றன.

வெண்பா | 13 நவம்பர் 2024, இரவு 10.20

இரண்டாவது சந்தேகத்திற்கு நான் எழுதுகிறேன். வாங்குவதற்கு முன், கூச்சம் எங்கே உருவாகிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு கட்டைவிரல் போதும்.

வேனை இரவில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தூரத்துத் தெருவிளக்கு ஒன்றை முன்கண்ணாடி வழியே தந்தையைப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கைச் சுற்றி வெளிச்ச வட்டமும் மூட்டமும் தெரியும். கையை நீட்டி, விளக்கு மட்டும் மறையும்படி கட்டைவிரலை வைக்கச் சொல்லுங்கள். விளக்கோடு மூட்டமும் சேர்ந்து மறைந்தால், அது அவர் கண்ணிலோ மூக்குக்கண்ணாடியிலோ உருவாவது. விரலைச் சுற்றி மூட்டம் அப்படியே நின்றால், அது வேனின் முன்கண்ணாடியில் உருவாவது. பல வண்டிகளில் இரண்டும் இருக்கும்.

முன்கண்ணாடி என்றால் உட்புறத்தைத் துடையுங்கள். வெளிப்புறத்தை எல்லோரும் கழுவுகிறோம். உட்புறத்தில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கின் ஆவியும் கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருப்பது பகலில் தெரியாது. பழைய வைப்பர் வளைவாகக் கீறியிருந்தால் அந்தக் கீறல்களே ஒளியை நீளமாக இழுக்கும். அப்போது முன்கண்ணாடியை மாற்றுவதுதான் வழி.

கண் என்றால் பரிசோதனை. 61 வயதில் கண்புரையின் தொடக்கம் இருக்கிறதா என்று கண்மணியை விரித்துப் பார்க்க வேண்டும். பகலில் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படிப்பவருக்கும் எதிர்விளக்கின் முன் பார்வை சரிந்துவிடக்கூடும், ஆகவே "பவர் சரியாக இருக்கிறது" என்ற பதிலோடு எழுந்து வராமல், இரவுக் கூச்சம்தான் சிக்கல் என்று மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பவர் தேவைப்பட்டால் நிறமற்ற லென்ஸில், ஒளி பட்டுத் தெறிப்பதைக் குறைக்கும் ஏஆர் கோட்டிங் போடச் சொல்லுங்கள். கோட்டிங் இல்லாத சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது; இரண்டு பரப்புகளுக்கும் சேர்த்து 8. அதில் ஒரு பகுதி லென்ஸுக்குள்ளேயே மோதித் திரும்பி, எதிர்விளக்கின் பக்கத்தில் மங்கலான இன்னொரு விளக்காகத் தெரியும். நல்ல கோட்டிங் அந்த இழப்பை ஒரு விழுக்காட்டு அளவுக்குக் கொண்டுவந்துவிடும். மஞ்சள் லென்ஸ் ஒளியைக் குறைக்கிறது, இது ஒளியைக் கூட்டுகிறது.

ஓட்டும்போது, எதிர்விளக்கை நேராகப் பார்க்காமல் சாலையின் இடதுபக்க வெள்ளைக் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். முகப்பொளியின் கணக்கில் கோணம் 2 டிகிரியிலிருந்து 4 ஆனால் திரை நான்கில் ஒரு பங்காகிவிடும். எந்தக் கண்ணாடியும் இதைச் செய்யாது. பின்னால் வரும் வண்டியின் கூச்சத்திற்கு, உள்கண்ணாடியின் அடியில் சிறு தள்ளுகோல் இருந்தால் அதை இரவு நிலைக்குத் தள்ளிவிடலாம்.

நெடுஞ்சாலைத் துரை | 14 நவம்பர் 2024, அதிகாலை 4.10

எல்லாவற்றையும் படித்தேன். கட்டைவிரல் சோதனையை நானும் செய்தேன். என் லாரியில் மூட்டம் விரலைச் சுற்றி அப்படியே நின்றது. உட்புறம் துடைத்ததில் துணி பழுப்பாகிவிட்டது. இதற்கு நன்றி.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்தச் சோதனையில் ஓட்டியவர்கள் சிறிது நேரம்தான் ஓட்டியிருப்பார்கள். நான் இரவு பத்து மணிக்கு ஏறி விடியற்காலை வரை ஓட்டுகிறேன். கண் எரிச்சல் குறைந்தால் தூக்கமும் சோர்வும் குறையும் என்பது என் அனுபவம். சோர்வு குறைந்தவன் ஆளைச் சீக்கிரம் பார்ப்பான் அல்லவா? உங்கள் கணக்கில் அது எங்கே வருகிறது?

வெண்பா | 14 நவம்பர் 2024, இரவு 9.00

நல்ல கேள்வி அண்ணா. பாஸ்டன் சோதனை அதற்குப் பதில் சொல்லவில்லை. அது 22 பேரை வைத்துச் சிமுலேட்டரில் நடந்தது. இரவு முழுவதும் ஓட்டும் ஒருவரின் சோர்வை அது அளக்கவில்லை. தொந்தரவு குறைவதால் சோர்வு குறையலாம் என்ற உங்கள் எண்ணத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: நன்றாகத் தெரிகிறது என்ற உணர்வு வந்தவர் வேகத்தைக் குறைக்க மாட்டார். தெரிவதாக உணர்வதும் உண்மையில் தெரிவதும் வேறாக இருக்கும்போது அந்த உணர்வு நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் என் கவலை. அணிவதற்கான முடிவு உங்களுடையது. இருண்ட, ஆள் நடமாட்டமுள்ள ஊர்ப் பகுதிகளிலாவது அதைக் கழற்றிவிடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

பாரிவேள் | 15 நவம்பர் 2024, காலை 6.30

என் வாதத்தில் தொந்தரவு பற்றிய பகுதி நிற்கிறது, தெளிவு பற்றிய பகுதி நிற்கவில்லை என்று புரிந்துகொள்கிறேன். ஆனால் விட்டேக்கர் குழுவின் அளவீடு வெளிர்நிறக் கண்களில் எடுக்கப்பட்டதா, நம்மைப் போன்ற அடர்பழுப்புக் கண்களிலா என்பது முக்கியம். கருவிழித்திரையின் நிறமி, கண்ணுக்குள் நுழையும் ஒளியைப் பாதிக்கும். மூலக் கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

வெண்பா | 15 நவம்பர் 2024, பிற்பகல் 1.40

அது நியாயமான கேள்வி. வெளிர்நிறக் கண்களில் விழிச் சுவரையும் கருவிழித்திரையையும் ஊடுருவி உள்ளே வரும் ஒளி கூடுதல். அந்தக் கூடுதல் பங்கு பெரும்பாலும் சிவப்புப் பக்கத்தைச் சேர்ந்தது, நீலப் பக்கம் அன்று. ஆகவே மஞ்சள் வடிகட்டி அதையும் தடுக்காது. அடர்பழுப்புக் கண்ணில் அந்தப் பங்கே குறைவு. எஞ்சுவது லென்ஸின் சிதறலும் கருவிழியின் சிதறலும்தான். படித்துவிட்டு எழுதுங்கள், தொடர்ந்து பேசலாம்.

நெடுஞ்சாலைத் துரை | 15 நவம்பர் 2024, இரவு 11.30

கழற்றும் யோசனையை ஏற்கிறேன். இன்னொன்று: என் கண்ணாடி எவ்வளவு ஒளி விடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதன் காதுக்கம்பியில் "CAT. 2" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

முகப்பொளி | 16 நவம்பர் 2024, காலை 7.15

அண்ணா, அந்த எண்தான் உங்களுக்கு வேண்டிய பதில். 0 என்றால் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒளி விடும். 1 என்றால் 43 முதல் 80 வரை. 2 என்றால் 18 முதல் 43 வரை. உங்களுடையது பாதி ஒளிகூட விடாத பகல் நேரக் கண்ணாடி. நிறம் மஞ்சளாக இருப்பதால் அது இருட்டாகத் தெரிவதில்லை. அதை இரவில் போட வேண்டாம். மஞ்சள்தான் வேண்டும் என்றால் 0 என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எண்ணே இல்லை என்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.